அடிக்கடி கரண்ட் போகும் வீட்டுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும்: கணக்குப் போடுவதிலிருந்து சர்வீஸ் கடையை எடைபோடுவது வரை

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அக்கா வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக, கையில் கிடைத்த கடையில், கடைக்காரர் கை காட்டிய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வாங்கி வைத்தார்கள். இரண்டே வருடத்தில் அந்த பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காத நிலைக்கு வந்துவிட்டது. வாரண்டி கார்டை எடுத்துக்கொண்டு அத்தான் போனால் கடை இருந்த இடத்தில் செருப்புக்கடை இருக்கிறது. கார்டில் கடை முத்திரை இல்லை, சீரியல் நம்பரும் எழுதவில்லை. அப்புறம் நாலைந்து வருடம் எமர்ஜென்சி லைட்டை வைத்தே ஓட்டினார்கள்.

போன ஐப்பசியில் மறுபடி ஒரு செட் வாங்கலாம் என்று முடிவானபோது அந்த வேலை என்னிடம் வந்தது. அப்போது நான் செய்ததையும் கற்றுக்கொண்டதையும் அதே வரிசையில் எழுதுகிறேன். அக்கா வீட்டுக் கணக்கையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டு எண்களை அதில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கரண்ட் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்

கடைக்குப் போனால் முதல் கேள்வி "எத்தனை ஃபேன், எத்தனை லைட் சார்?" என்றுதான் வரும். அதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வீட்டில் கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது, திரும்பி வந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. இரண்டாவது பாதியை யாரும் யோசிப்பதில்லை. பேட்டரி என்பது தொட்டி மாதிரி, எவ்வளவு இறைக்கிறோம் என்பதோடு மறுபடி நிரம்ப நேரம் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். பாதி சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் பேட்டரி சீக்கிரம் சாவதற்கு அதிகப் பயன்பாட்டைவிட இந்த அரைகுறை சார்ஜ்தான் பெரிய காரணம்.

அக்காவை மூன்று வாரம் காலண்டரிலேயே குறித்து வைக்கச் சொன்னேன். மூன்று விதமான கட் இருப்பது தெரிந்தது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக ஷட்டவுன், காலை ஒன்பது மணிக்குப் போனால் நாலு மணிக்கு வரும். சாயங்காலங்களில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், வாரத்தில் இரண்டு மூன்று தடவை. மழைக்காலத்தில் ராத்திரி எந்நேரமும், இரண்டிலிருந்து நாலு மணி நேரம். இவற்றில் எதைத் தாங்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நாங்கள் ஷட்டவுன் நாளை அளவாக எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அத்தானின் அம்மா எண்பதைத் தாண்டியவர், பகல் முழுவதும் ஃபேன் இல்லாமல் படுத்திருக்க அவரால் முடியாது. புயல் நாட்களை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் கரண்ட் போனால் எந்த இன்வெர்ட்டரும் உதவாது, அதற்கு ஜெனரேட்டரோ சோலாரோதான் வழி.

அப்புறம் வாட் கணக்கு

சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். எல்இடி டியூப் லைட் 20, பல்பு 9, வைஃபை ரவுட்டர் 10, நடுத்தர டிவி ஒன்று 60 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அக்கா வீட்டில் சாயங்காலம் இரண்டு ஃபேன், மூன்று டியூப், டிவி, ரவுட்டர் எல்லாம் ஓடினால் 280 வாட். ஷட்டவுன் பகலில் இரண்டு ஃபேனும் ஒரு ரவுட்டரும் ஓடினால் போதும், 160 வாட், அவ்வப்போது போடும் லைட்டையும் சேர்த்து 170 என்று வைத்துக்கொண்டேன்.

மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ், கீசர் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஃபிரிட்ஜையும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் வாட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்கவே பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் உள்ளே இருப்பது கெடாது. மருந்து வைத்திருக்கும் வீடாக இருந்தால் மட்டும் வேறு கணக்கு.

பேட்டரி எவ்வளவு: இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்

பேட்டரியில் 150 ஏஎச், அதாவது ஆம்பியர் அவர், 12 வோல்ட் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 1800 வாட் அவர், 170 வாட்டுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வரும் என்று கடைக்காரர் சொல்வார். வராது. இரண்டு காரணங்கள். ஒன்று, பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றுவதில் இன்வெர்ட்டர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இரண்டாவது, அந்த 150 என்பது இருபது மணி நேரம் மெதுவாக, ஏழரை ஆம்பியர் அளவில் இறைத்தால் கிடைப்பது. லேபிளில் சி20 என்று போட்டிருப்பதன் அர்த்தம் அதுதான். வேகமாக இறைத்தால் மொத்தமே குறைந்துபோகும்.

அக்கா வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 170 வாட் வெளியே வர வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து சுமார் 212 வாட் எடுக்க வேண்டும், அதாவது 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 18 ஆம்பியர். அந்த வேகத்தில் புது 150 ஏஎச் பேட்டரியிலிருந்து 125, 130 ஏஎச் அளவுக்குத்தான் கிடைக்கும். வகுத்தால் ஏழு மணி நேரம். ஷட்டவுனும் ஏழு மணி நேரம். கச்சிதமாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அது புது பேட்டரி அடிவரைக்கும் காலியாகிற கணக்கு. இரண்டு வருடம் போனால் இரண்டு மணிக்கே பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிடும், அதோடு ஒவ்வொரு தடவையும் அடிவரை இறைத்தால் பேட்டரி ஆயுளும் வேகமாகக் குறையும்.

கடையில் இதைச் சொன்னதும் வந்த பதில், "அப்ப டபுள் பேட்டரி செட் போட்டுடுங்க சார்." இன்னொரு பேட்டரி பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில், 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு மேற்கொண்டு சில ஆயிரம். அதைவிட, தொடராக இணைத்த இரண்டு பேட்டரியில் ஒன்று கெட்டால் மற்றதையும் அது இழுத்துக்கொண்டு போகும். பழையதோடு புதியதை ஜோடி சேர்க்கவும் கூடாது, ஆகவே மாற்றும்போதும் இரண்டையும்தான் மாற்ற வேண்டும்.

நாங்கள் செய்தது வேறு. பாட்டி அறையிலும் ஹாலிலும் இருந்த இரண்டு ஃபேனையும் கழற்றிவிட்டு பிஎல்டிசி ஃபேன் மாட்டினோம், ஒன்று மூவாயிரம் ரூபாய் சுமார். அது முழு வேகத்தில் 30 வாட்தான் எடுக்கும். இப்போது பகல் லோடு 80 வாட், பேட்டரியிலிருந்து எட்டு, எட்டரை ஆம்பியர். ஏழு மணி நேரத்துக்கு 60 ஏஎச், அதாவது 150-இல் 40 சதவீதம். ஆறாயிரம் ரூபாய் ஃபேனில் போட்டதால் ஒரே பேட்டரி போதும் என்றாகிவிட்டது, அதுவும் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு. பேட்டரியைப் பெரிதாக்கும் முன்னால் லோடைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், இந்த வழிகாட்டியில் நான் சொல்கிறதிலேயே அதிகம் பணம் மிச்சம் பிடிப்பது இதுதான்.

பேட்டரி வகையில், அடிக்கடி கரண்ட் போகும் வீட்டுக்கு உயரமான டியூபுலர் பேட்டரிதான். ஃபிளாட் பிளேட் விலை குறைவு, எப்போதாவது கரண்ட் போகும் நகர வீட்டுக்குச் சரி, தினமும் இறைத்து நிரப்பும் வேலைக்கு அது நீடிக்காது. லித்தியம் இப்போது வருகிறது, எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஆகும், அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது. குணத்தில் லித்தியம் மேல். ஆனால் அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டு போர்டு பழுதானால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள். அக்கா ஊரில் கேட்டதற்கு திருச்சிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், அதனால் டியூபுலருக்கே வந்தோம்.

லேபிளில் இன்னொரு விஷயம் பாருங்கள். சில பேட்டரிகளில், முக்கியமாக சோலாருக்கென்று வருபவற்றில், சி10 என்று போட்டிருக்கும். பத்து மணி நேரத்தில் இறைத்தே 150 தரும் பேட்டரி, இருபது மணி நேரத்தில் 150 தருவதைவிடக் கொஞ்சம் பெரியது. விலையை ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள்.

இன்வெர்ட்டரில் பார்க்க வேண்டியது மூன்று

இன்வெர்ட்டரின் திறனைக் காட்டும் விஏ எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 900 விஏ என்றால் 700 வாட் சொச்சம் தாங்கும், 280 வாட் வீட்டுக்கு அது தாராளம். சைன் வேவ் வாங்குங்கள், ஸ்கொயர் வேவ் கொஞ்சம் மலிவு, ஆனால் ஃபேன் உறுமும், மோட்டார் சூடாகும்.

முக்கியமானது சார்ஜிங் ஆம்பியர். இதை யாரும் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் பெட்டியையோ கையேட்டையோ எடுத்துப் படிக்க வேண்டும். பேட்டரியின் ஏஎச்-இல் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏறுவது நல்ல அளவு, 150-க்கு 15. அக்கா வீட்டில் வாங்கியது 12 ஆம்பியர் தரும். இறைத்த 60 ஏஎச்-ஐ நிரப்ப, நஷ்டத்தையும் சேர்த்து 72 ஏஎச் போட வேண்டும், 12-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம், கடைசியில் சார்ஜ் மெதுவாவதால் ஏழெட்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம். நாலு மணிக்கு கரண்ட் வந்தால் நள்ளிரவுக்குள் நிரம்பிவிடும், ராத்திரி கட்டுக்குத் தயார். பழைய ஃபேன்களோடு இருந்திருந்தால் மறுநாள் காலை வரை இழுத்திருக்கும், நடுவில் இன்னொரு கட் வந்தால் அதுவும் கிடையாது. எட்டு ஆம்பியரே தரும் சின்ன இன்வெர்ட்டரோடு பெரிய பேட்டரியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், அந்த பேட்டரி ஒரு நாளும் நிரம்பாமலே வயதாகிப் போகும்.

மூன்றாவது, யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று பின்பக்கம் இருக்கும் சுவிட்ச். யுபிஎஸ் மோடில் கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் மாறும், ஆனால் லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். டெல்டாவில் போர் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கடைக்கோடி வீடுகளுக்கு 170 வருவது சகஜம். அப்போது தெருவெல்லாம் கரண்ட் இருக்கும், உங்கள் வீடு மட்டும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும், அது தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் நார்மல் மோடில் விடுங்கள், அது 100 வோல்ட் சுமாரிலும் லைனிலேயே ஓடும்.

கடையை எடைபோடுவது

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. பிராண்டை முடிவு செய்துவிட்டுக் கடை தேடாதீர்கள். கடையை முடிவு செய்துவிட்டு, அவர் அதிகாரபூர்வமாக விற்கும் பிராண்டுகளில் ஒன்றை எடுங்கள். பெயர் பெற்ற பேட்டரிகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, கூப்பிட்டால் வரும் ஆளுக்கும் வராத ஆளுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரியது.

நான் முதலில் கடைக்குப் போகவில்லை. அக்கா தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இன்வெர்ட்டர் இருக்கும் ஏழு வீடுகளில் போய்க் கேட்டேன். "எந்தக் கம்பெனி, நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அதனால் மூன்று வருடத்துக்கு மேல் ஆன பேட்டரி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடி அவர்களிடம் மட்டும் கேளுங்கள், ஏனென்றால் முதல் இரண்டு வருடம் எல்லா பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கும். கடைசியாக எப்போது கெட்டது, யாரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை நாளில் வந்தார், பேட்டரியை எடுத்துப்போனபோது மாற்று பேட்டரி கொடுத்தாரா, எவ்வளவு வாங்கினார். இந்த ஐந்தும் கேட்டால் போதும். ஜெராக்ஸ் கடை, சின்ன கிளினிக், பால் டிப்போ மாதிரி கரண்ட் போனால் தொழில் நின்றுவிடும் இடங்களிலும் கேளுங்கள், அவர்கள் வராத ஆளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு ஏழு வீட்டில் நாலு பேரும் கிளினிக் கம்பவுண்டரும் ஒரே கடையைச் சொன்னார்கள். டவுனில் பெரிய போர்டு வைத்த கடை அல்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கடை.

கடைக்குப் போனதும் உள்ளே பாருங்கள். பேட்டரி சார்ஜ் போடும் பெஞ்ச் இருக்கிறதா, அதில் வாடிக்கையாளர் பேட்டரி ஏதாவது சார்ஜில் நிற்கிறதா? கிராவிட்டி எனப்படும் ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், லோடு டெஸ்டர், கிளாம்ப் மீட்டர் மூன்றும் கண்ணில் படுகிறதா? அட்டைப்பெட்டியும் ஸ்டிக்கரும் மட்டும் இருந்தால் அது விற்கிற கடை, பார்க்கிற கடை அல்ல.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சு பேக்கப் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?" முதலில் போன பெரிய கடையில் சொன்னார்கள், "கவலையே படாதீங்க சார், உடனே புதுசு மாத்திக் கொடுத்துடுவோம்." பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. "முதல்ல வீட்டுக்கு வந்து ஆறு செல்லும் கிராவிட்டி பார்ப்பேன் தம்பி. பாதிக்கும் மேல சார்ஜ் குறைச்சல்தான் காரணமா இருக்கும். கடைக்கு எடுத்து வந்து ரெண்டு நாள் முழுசா சார்ஜ் போட்டு லோடு வைப்பேன். அப்பவும் நிக்கலைன்னா கம்பெனியில பதிவு பண்ணுவேன், அவங்க ஆள் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்லணும், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் பழைய பேட்டரி ஒண்ணு தருவேன், ஃபேனும் லைட்டும் ஓடும்." நடைமுறை இதுதான். மாற்றிக் கொடுக்கும் முடிவு பெரும்பாலும் கடைக்காரர் கையில் இல்லை, கம்பெனி ஆள் கையில் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்பவரை நம்பலாம்.

வீட்டில் பழைய பேட்டரி கிடந்தால் இன்னும் நல்ல ஒரு சோதனை இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று காசு கொடுத்து அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் ஆறு மூடியையும் திறந்து ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டு எண்களை எழுதுகிறாரா, இல்லை மல்டிமீட்டரை இரண்டு முனையில் வைத்துவிட்டு "பேட்டரி போச்சு சார்" என்கிறாரா? லோடு இல்லாமல் எடுத்த வோல்டேஜ் ஒன்றையும் நிரூபிக்காது, செத்த பேட்டரியும் சார்ஜ் எடுத்த கையோடு 12.7 காட்டும். நன்றாக சார்ஜான டியூபுலரில் கிராவிட்டி 1.240 சுமாரில் ஆறு செல்லிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஐந்தில் 1.230-ம் ஒன்றில் மட்டும் 1.170-ம் இருந்தால் அந்த ஒரு செல்தான் நோய். எங்களுக்கு வந்தவர் இதையெல்லாம் எழுதிக் காட்டி, பழைய பேட்டரி உதவாது, எக்ஸ்சேஞ்சில் இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அங்கேயே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாரண்டியில் 36+36 மாதம் என்று போட்டிருந்தால் ஆறு வருடம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் 36 மாதம்தான் இலவசமாக மாற்றம், அடுத்த 36-இல் கெட்டால் புது பேட்டரி விலையில் ஒரு தள்ளுபடி மட்டும், அதுவும் மாதம் போகப் போகக் குறையும். சில சமயம் அந்தத் தள்ளுபடியை அச்சிட்ட விலையில் கழித்துக் கொடுப்பார்கள், கடை விலையோ ஏற்கெனவே அதைவிடக் கீழே இருக்கும்.

ஒயரிங்: பேட்டரி வரும் முன்னால்

இன்வெர்ட்டருக்கென்று தனி லைன் வேண்டும், அந்த லைனுக்குத் தனி நியூட்ரலும் வேண்டும். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபி வைத்த வீட்டில் நியூட்ரலைக் கலந்துவிட்டால் காரணமே தெரியாமல் அது டிரிப் ஆகிக்கொண்டிருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் இன்னும் கவனம். இன்வெர்ட்டர் ஒரு ஃபேஸிலிருந்துதான் உள்ளே எடுக்கும், அதில் ஓட வேண்டிய எல்லா ஃபேனும் லைட்டும் பழைய ஃபேஸ்களிலிருந்து கழற்றப்பட்டு இன்வெர்ட்டர் வெளியீட்டுக்கு வர வேண்டும். ஒரே ஒரு பாயிண்ட் பழைய ஃபேஸோடும் ஒட்டிக்கொண்டிருந்தால், கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியில் இன்வெர்ட்டர் போர்டு எரிந்துவிடும். இன்வெர்ட்டர் பழுதாகி சர்வீசுக்குப் போகும் நாட்களில் நேரடியாக லைனுக்கு மாற்றிக்கொள்ள ஒரு பைபாஸ் சுவிட்சும் போடச் சொல்லுங்கள்.

வைக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் மாடிப்படிக்கு அடியில் மூடிய அலமாரியிலும் வைக்காதீர்கள். தண்ணீர் ஏறும் ஊராக இருந்தால் டிராலியையே செங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். நாங்கள் ஒன்றரை அடி உயர்த்தினோம். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே நீளமான ஒயர் போடவிடாதீர்கள், கூட வரும் தடித்த ஒயரே போதும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பேட்டரி இறங்கும் நாள்

ஆட்டோவிலிருந்து இறக்கியதும், மாட்டும் முன்னால், சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள். தயாரித்த மாதம் என்ன என்று கேளுங்கள், அது பெரும்பாலும் அந்த நம்பருக்குள்ளேயே குறியீடாக இருக்கும், எப்படிப் படிப்பது என்று கடைக்காரருக்குத் தெரியும். சும்மா கிடக்கும் பேட்டரியும் தானாகச் சார்ஜ் இறங்கிக்கொண்டேயிருக்கும், ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை, இடையில் சார்ஜ் போட்டதற்கு ஆதாரம் இல்லாமல், வாங்காதீர்கள். எடையையும் பாருங்கள். கம்பெனி விவரத்தாளில் எடை போட்டிருக்கும், ஈயத்தைக் குறைத்துவிட்டு 180 என்று ஸ்டிக்கர் ஒட்டிய உள்ளூர்த் தயாரிப்புகள் அங்கேதான் மாட்டும். அக்கம்பக்கத்தில் அரிசிக்கடைத் தராசு இருந்தால் போதும்.

ஜிஎஸ்டி பில்லில் பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். வாரண்டி கார்டில் முத்திரை, கையெழுத்து, தேதி. ஆள் கிளம்பும் முன்னால் கம்பெனியின் இலவச எண்ணிலோ ஆப்பிலோ அங்கேயே பதிவு செய்து, குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். அக்கா முதல் தடவை இழந்தது இங்கேதான்.

இன்வெர்ட்டரில் பேட்டரி வகை சுவிட்ச் டியூபுலரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஃபிளாட் பக்கம் இருந்தால் பேட்டரி முழுதாக நிரம்பாது. முதல் நாள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் ஆன பிறகுதான் சோதனை. மெயினை அணைத்து, கணக்குப் போட்ட லோடை மட்டும் போட்டு விட்டு, எவ்வளவு நேரம் என்று பாருங்கள். முழுதும் காலி செய்ய வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் பேட்டரி முனைகளைத் தொட்டுப் பாருங்கள், ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் போல்ட் இறுகவில்லை என்று அர்த்தம்.

பிறகு எப்படிக் கவனிப்பது, எப்போது சந்தேகப்படுவது

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மிதவைகளைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், மழைத் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றினால் பேட்டரிக்கு உயிர் வரும் என்று ஒருவர் சொன்னால் அவரை மறுபடி கூப்பிடாதீர்கள், உள்ளே குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் சில. ஏழெட்டு மணி நேரம் எடுத்த சார்ஜ் திடீரென்று ஒரு மணி நேரத்தில் முழுசு என்று காட்டி, கரண்ட் போனதும் மடமடவென்று இறங்கினால் தட்டில் சல்பேட் படிந்துவிட்டது. சார்ஜ் சீக்கிரம் ஏறுகிறதே என்று அக்கா சந்தோஷப்பட்டது அந்த முதல் பேட்டரி செத்துக்கொண்டிருந்த நாட்களில்தான். ஆறு செல்லில் ஒன்று மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்டால் அந்தச் செல்லைக் காட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே சார்ஜை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது.

வாரண்டிக்குள் கெட்டு, கடைக்காரர் இழுத்தடித்தால், அவரோடு சண்டை போடுவதற்கு முன்னால் கம்பெனி எண்ணில் நீங்களே புகார் பதிந்து புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். வரும் ஆள் எடுக்கும் கிராவிட்டி அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் மீட்டரைப் படிக்கும்போதே போட்டோ எடுங்கள். "தண்ணீர் சரியாக ஊற்றவில்லை" என்று சொல்லித்தான் பெரும்பாலும் வாரண்டியை மறுப்பார்கள், அதனால் தண்ணீர் ஊற்றிய தேதிகளை இன்வெர்ட்டருக்கு மேலே சுவரில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பில், பதிவுக் குறுஞ்செய்தி, புகார் எண், அந்தத் தாளின் போட்டோ நான்கும் கையில் இருக்கும்போது கூப்பிடுங்கள்.